தாசில்தாருக்கு மனு: தொடக்கமும் முடிவும் பழைய வாடை அடிக்கிறது, மாற்ற உதவுங்கள்

செம்மண்காடு
அவசரம். தாத்தா காலத்து மனு ஒன்றைப் பார்த்து எழுதினேன். தங்கை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முதலும் கடைசியும் மட்டும் மாற்றினால் போதும். நடுவில் உள்ளது சரியாகத்தான் இருக்கிறது.

"மகா கனம் பொருந்திய தாசில்தார் துரை அவர்கள் திவ்விய சமூகத்திற்கு, அடியேன் மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம் என்னவென்றால், எங்கள் நிலத்தின் பட்டாவில் பிழை உள்ளபடியால் குடும்பம் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகியுள்ளது. ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பாதம் பணிந்து வேண்டுகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்."

நாளைக்குள் வேண்டும்.

வன்னிக்காரன்
எந்த நாடு? இங்கே இலங்கையில் என்றால் பிரதேச செயலாளருக்கு எழுதி, கிராம அலுவலர் ஊடாக அனுப்ப வேண்டும். "ஊடாக" என்ற வரியை விட்டுவிட்டு நான் போன வருஷம் இரண்டு தரம் நடந்தேன். தொடக்கத்தை யாரும் பார்க்கவில்லை, அந்த வரியைத்தான் தேடினார்கள்.

செம்மண்காடு
தமிழ்நாடு. தாசில்தார் என்று போட்டிருக்கிறேனே.

இலக்கணக்கோடு
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. "தாசில்தார்" இல்லை, வட்டாட்சியர். "அனுப்புநர்", "பெறுநர்" இரண்டையும் காணோம். முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

பானுமதி டீச்சர்
சின்ன மாற்றம்தான் தம்பி. "மகா கனம்" முதல் "சமூகத்திற்கு" வரை எடுத்துவிட்டு "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்" என்று போடுங்கள். கடைசியில் "இப்படிக்கு" என்பதும் பழசு, அதையும் எடுத்துவிடுங்கள். "நன்றி" மட்டும் போதும்.

இலக்கணக்கோடு
மதிப்புக்குரிய. "மதிப்பிற்கு" என்பது தேவையில்லாத நீட்டல்.

பானுமதி டீச்சர்
முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன் ஐயா. மதிப்பு, இன் சாரியை, கு. மதிப்பிற்கு. இதில் என்ன தப்பு?

இலக்கணக்கோடு
தப்பு என்று சொல்லவில்லை. சாரியை இல்லாமலே பொருள் விளங்கும்போது எதற்கு அது? "வீட்டுக்குப் போகிறேன்" என்றுதானே சொல்கிறீர்கள்?

பானுமதி டீச்சர்
பேசும்போது சொல்வேன். மனுவில் "வீட்டிற்கு" என்றுதான் எழுதுவேன்.

எழுதுமேசை
இரண்டும் சரி, இரண்டும் அச்சில் வருகிறது. அதற்காக எந்த மனுவையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நான் பல வருஷம் வருவாய்த் துறையில் தபால் பிரிவில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

செம்மண்காடு, உங்கள் மனுவின் நடுவிலும் கோளாறு இருக்கிறது. பட்டாவில் என்ன பிழை என்று நீங்கள் சொல்லவே இல்லை. "ஆவன செய்யுமாறு" என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. பெரிய பெரிய வணக்கம், கடைசியில் ஒரு கும்பிடு, இடையில் என்ன கேட்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது. அலங்காரத்தை எடுத்தவுடன் இந்த ஓட்டை வெளியே வந்துவிடும். அதனால் மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன பிழை, நிலம் யார் பெயரில், மனுவை எங்கே கொடுக்கப் போகிறீர்கள்.

செம்மண்காடு
அப்பா பெயரில். தலைப்பெழுத்து "க" என்று இருக்க வேண்டும், "சு" என்று இருக்கிறது. நாளை ஜமாபந்தி, அங்கே கொடுக்கலாம் என்று.

எழுதுமேசை
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! ஜமாபந்தியில் கொடுத்தால் பெறுநர் மாறிவிடும். அங்கே உட்காருபவர் வருவாய்த் தீர்வாய அலுவலர், பெரும்பாலும் வட்டாட்சியருக்கு மேலே உள்ளவர். அப்பா நலமாக இருக்கிறார் அல்லவா? அப்படியானால் மனு அவர் பெயரில், அவர் கையெழுத்தில் இருக்கட்டும்.

செம்மண்காடு
இருக்கிறார், கையெழுத்துப் போடுவார்.

எழுதுமேசை
நல்லது. இப்படி எழுதுங்கள், எண்களை உங்கள் பட்டாவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: அப்பா பெயர், முகவரி, கைபேசி எண்.
பெறுநர்: வருவாய்த் தீர்வாய அலுவலர் அவர்கள், உங்கள் வட்டத்தின் பெயர்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பொருள்: பட்டா எண் 214 – தலைப்பெழுத்துத் திருத்தம் கோருதல் – தொடர்பாக.

எங்கள் கிராமத்தில் புல எண் 87/2அ-வில் உள்ள நிலம் என் பெயரில் உள்ளது. பட்டாவில் என் தலைப்பெழுத்து "சு" என்று பதிவாகியுள்ளது. கிரயப் பத்திரத்திலும் ஆதாரிலும் "க" என்று உள்ளது. இரண்டின் நகல்களையும் இணைத்துள்ளேன். பட்டாவிலும் "க" என்று திருத்தித் தர வேண்டுகிறேன். நன்றி.

இடம், நாள். இப்படிக்கு, கையெழுத்து, பெயர்.

டீச்சரம்மா மன்னிக்கவும், "இப்படிக்கு" இருக்கட்டும். எழுதியவர் இன்னார் என்று காட்டுவதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. "கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" தான் போக வேண்டியது. வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில மனுக்களின் கடைசி வரியை அப்படியே தமிழில் போட்டது அது. உங்கள் அப்பா அந்த அலுவலகத்தின் ஊழியரும் இல்லை. "துரை"யும் அந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான்.

தெற்குவாசல்
ரொம்பக் குளிர்ச்சி இல்லாமல் இருக்கிறதே. "பணிவுடன்" ஒன்றாவது வேண்டாமா? நம் ஊரில் தாழ்ந்து பேசினால்தான் காரியம் ஆகும். என் மாமா எப்போதும் "பொன்னான நேரம்" என்று ஆரம்பிப்பார், அவருக்கு வேலை நடக்கும்.

எழுதுமேசை
"பணிவுடன் வேண்டுகிறேன்" என்று ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளட்டும், கெடுதல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நூறு மனு பிரிக்கும் ஆள் முதல் பத்தியில் எண்ணைத்தான் தேடுவார். "பொன்னான நேரம்" என்று எழுதியே அந்த நேரத்தை எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மாமாவுக்கு வேலை நடந்தது அதனாலா, வேறு காரணத்தாலா, தெரியாது.

நிலாவொளி
அதிகாரி பெண் என்றால்? "ஐயா" என்று போட்டால் என்ன ஆகும்?

பானுமதி டீச்சர்
"அம்மையீர்" என்று போட வேண்டும். "அம்மா" வீட்டில் கூப்பிடுவது போல இருக்கும்.

நிலாவொளி
"அம்மையீர்" கேட்டால் எனக்குப் பள்ளி நாடகம் ஞாபகம் வருகிறது. யார் என்று தெரியாதபோது "அலுவலர் அவர்களுக்கு வணக்கம்" என்று எழுதினால் ஆண் பெண் பிரச்சினையே இல்லையே.

இலக்கணக்கோடு
அது கடிதத்தின் விளி ஆகாது.

எழுதுமேசை
ஆகாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. செம்மண்காடு, மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

வன்னிக்காரன்
இங்கே "ஊடாக" இல்லாமல் ஏற்றுக்கொள்வார்களா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

செம்மண்காடு
கொடுத்துவிட்டேன். அதிகாரி பெண். "ஐயா" என்பதைப் பேனாவால் அடித்து "அம்மையீர்" என்று மேலே எழுதினேன், அப்பா அதற்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார். முத்திரை வாங்கியாயிற்று. பட்டா இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.