உருமுச்சியில் ஒன்பதே முக்காலுக்கு விடிகிறது: ஒரே நேரம் கொண்ட பெரிய நாடுகளில் உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரி வாசகர்:
என் மகள் சீனாவின் மேற்கே, சிஞ்சியாங் பகுதியிலுள்ள உருமுச்சியில் மருத்துவம் படித்தபோது, ஒரு டிசம்பரில் அங்குச் சென்று தங்கினேன். காலை ஒன்பது மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சீனா முழுவதற்கும் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய பெய்ஜிங் நேரம்தான். உருமுச்சியோ ஏறத்தாழ 87.6 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் 2 மணி 10 நிமிட வித்தியாசம் வருகிறது. ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2:10 வாக்கில்; டிசம்பர்ப் பகல் ஒன்பது மணி நேரமே என்பதால், அதில் பாதியைக் கழித்தால் 9:40க்குத்தான் விடியும்.

ஆனால் யாரும் இருட்டில் வேலைக்கு ஓடவில்லை. அலுவலகங்கள் பத்து மணிக்குத் திறக்கின்றன. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. உய்குர் மக்களில் பலர் பேச்சில் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தையே சொல்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் நான்கு மணிக்கு வரச் சொன்னபோது, "பெய்ஜிங் நேரமா, இந்த ஊர் நேரமா?" என்று என் மகள் கேட்டுக்கொண்ட பிறகே கிளம்பினோம்.

மடிப்பாக்கம் வாசகர்:
நம் நாட்டிலும் இதே கணக்குதான். சென்னை 80.3 பாகை, குவாஹாட்டி 91.7 பாகை; எனவே அங்கு ஆண்டு முழுவதும் நம்மைவிட 46 நிமிடம் முன்னதாக விடிந்துவிடும்.

அம்பத்தூர் வாசகி (முன்பு குவாஹாட்டியில் பணி):
பாதி சரி. அந்த 46 நிமிடம் உச்சிப்பொழுதுக்குத்தான் பொருந்தும். குவாஹாட்டி நம்மைவிட வெகுவாக வடக்கே இருப்பதால் கோடையில் பகல் நீள்கிறது, குளிர்காலத்தில் சுருங்குகிறது. ஜூன் கடைசியில் சென்னையில் 5:45க்கு விடியும்போது அங்கே 4:30. எழுபது நிமிடத்துக்கும் மேலான இடைவெளி. டிசம்பரிலோ நமக்கு 6:25, அங்கே 6:05, இருபது நிமிடம்தான். அஸ்தமனத்தில் இது தலைகீழாகிறது. டிசம்பரில் 4:35க்கே சூரியன் மறைந்துவிடுவதால், தேநீர் வேளைக்குள் அலுவலகத்தில் விளக்குப் போட்டாக வேண்டும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் வெகுகாலமாக ஒரு மணி நேரம் முன்னே வைத்த 'பாகான்' நேரத்தில் வேலை வாங்குகின்றன; சற்றுத் தள்ளியிருந்த எங்கள் அலுவலகத்துக்கோ டெல்லியின் நேரம்தான்.

பெரம்பூர் வாசகர் (ரயில்வே, ஓய்வு):
ஒரே நேரத்தின் அருமை ரயில்வேக்காரனுக்குத் தெரியும். 1906க்கு முன் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வெவ்வேறு நேரம் இருந்ததால், இரண்டுக்கும் நடுவாக நம் மெட்ராஸ் நேரத்தையே ரயில்கள் பின்பற்றின. அது இன்றைய நேரத்தைவிட ஒன்பது நிமிடம் பின்தங்கியது. (நமக்குப் பெருமைதான், போகட்டும்.) 1906இல் 82.5 பாகையை வைத்து ஒரே நேரம் வந்த பிறகும், பம்பாய் தன் நேரத்தைக் கைவிட ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர் வடகிழக்குக்குத் தனி நேரம் கேட்டு எழுதியபோது, எல்லையை அசாம், மேற்கு வங்க எல்லை அருகே, ரயில் பாதைகள் குறைவாக உள்ள குறுகிய இடத்தில் போட்டார்கள். காரணம் தெளிவு: கடிகாரம் மாறும் நிலையம் ஒவ்வொன்றிலும் அட்டவணை, பணிநேரம், பதிவேடு அனைத்தும் இரண்டு நேரத்தில் ஓடும், அங்கே ஒருவர் ஒரு மணி நேரம் தவறாகப் படித்தால் போதும்.

மயிலாப்பூர் வாசகி:
என் அக்கா மகன் குவாஹாட்டியில் குடியேறியிருக்கிறான். திங்கட்கிழமை ராகுகாலம் காலண்டரில் உள்ளபடி ஏழரை முதல் ஒன்பதா? யாராவது சொன்னால் நல்லது.

அம்பத்தூர் வாசகி:
அம்மா, காலண்டரில் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடைவதாகக் கொண்டு பகலை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த ஊர் சூரியோதயத்தைக் கொண்டு பார்த்தால், ஜூன் மாதத் திங்களில் இரண்டாம் பங்கு 6:15 அளவில் தொடங்கி எட்டுக்குள் முடிந்துவிடும். எங்கள் குடியிருப்பில் சிலர் அச்சிட்டபடியே பார்த்தார்கள், சிலர் இப்படி.

வேளச்சேரி வாசகர்:
அப்படியானால் உருமுச்சியைப் போல, கடிகாரத்தைத் தொடாமல் அலுவலக நேரத்தை மட்டும் மாற்றலாமே?

பெரம்பூர் வாசகர்:
பள்ளிகளுக்கு முடியும், மாநில அலுவலகங்களுக்கும் முடியும். ஆனால் டெல்லியிலிருந்து மாலை ஐந்தரைக்குத் தொலைபேசி வந்தால் எடுக்க ஆள் வேண்டும். சீனாவின் மேற்குப் பகுதியில் வேலை தாமதமாகத் தொடங்கினாலும் மாலையில் தலைநகரம் மூடிய பிறகும் இவர்கள் இருப்பார்கள். நம் கிழக்கிலோ முன்கூட்டியே மூடிவிட்டுப் போக வேண்டியவர்கள். அந்த வித்தியாசத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை.

அம்பத்தூர் வாசகி:
ஐயா, அந்தத் தொலைபேசிக்காக ஒருவரை மட்டும் முறைவைத்து இருக்கச் சொல்லலாமே. எங்களையெல்லாம் ஏன் இருட்டில் உட்கார வைத்தார்கள்?