விவரத்திலிருந்து போன் நம்பரை எடுத்த பிறகும் விளம்பரம் நீக்கப்படுகிறது, உதவி தேவை

நிலாவெளியில் இருந்து எழுதுகிறேன். பழைய யமஹா எண்டூரோ 15 எச்.பி. போட் எஞ்சின் ஒன்றை விற்க இணையச் சந்தை ஒன்றில் விளம்பரம் போட்டேன். போன வெள்ளிக்கிழமை அதை நீக்கிவிட்டார்கள். விவரப் பகுதியில் தொடர்பு இலக்கமோ வெளி இணைப்போ இருக்கிறதாம்.

மச்சான் எழுதித் தந்த விவரத்தின் கடைசி வரியில் 07-இல் தொடங்கும் நம்பரும், wa.me இணைப்பும், "மேலும் படங்களுக்கு எங்கள் பேஸ்புக் பக்கம்" என்ற வரியும் இருந்தன. சரி, மூன்றையும் எடுத்துவிட்டேன். இப்போது நம்பர் அதற்கென்று உள்ள தனிப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியும் மறுநாளே திரும்ப நீக்கம். நம்பரை "பூச்சியம் ஏழு" என்று எழுத்தில் எழுதச் சிலர் சொன்னார்கள்; அது விதியை ஏய்க்கிற வேலை, கணக்கையே முடக்கினாலும் முடக்குவார்கள் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது இரண்டு சந்தேகம். திருட்டு எஞ்சின் இல்லை என்று காட்ட, சீரியல் இலக்கத்தை இடைவெளி இல்லாமல் விவரத்தில் போட்டிருக்கிறேன். அப்புறம் மூன்றாவது படம்: எஞ்சினுக்குப் பின்னால் மீன்வாடிச் சுவரில் பெயின்டால் எழுதிய போன் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. அது என்னுடையதுகூட இல்லை. எந்த வரி, எந்தப் படம் என்று அறிவிப்பில் எதுவும் இல்லை. இன்னொரு முறை நீக்கப்படும் முன் சரியானதைத் திருத்த வேண்டும்.

இப்படி மாட்டியவர்கள் சொல்லுங்கள்: சிக்கல் சீரியல் இலக்கத்திலா, படத்தில் தெரியும் நம்பரிலா?