பேட்டி எடுக்கும்போது ‘ம்’ கொட்டலாமா, வாயை மூடிக்கொள்ளணுமா?

குடியாத்தத்தான்: இங்க லுங்கித் தறி ஓட்டின பெரியவங்க பேச்சைப் பதிவு பண்றோம். போட்டுக் கேட்டா பேட்டி எடுக்கிற ஆளோட “ம்... சரி சரி... ஆமா ஆமா”தான் பாதி. சரின்னு வாயை மூடிக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டினா, பெரியவங்க கொஞ்ச நேரத்துல பேச்சை நிறுத்திடறாங்க. எப்படித்தான் கேட்கிறது?

ஒலிவெட்டி: வாயே திறக்கக் கூடாது. பெரியவர் பேச்சு மேலேயே விழுந்த ‘ம்’மை மென்பொருளால சுத்தமா எடுக்கிறது கஷ்டம், பல சமயம் அவர் சொல்லும் சேர்ந்து அறுபடும். பேசுறவர் கண்ணைப் பாருங்க, தலையாட்டுங்க, புருவத்தைத் தூக்குங்க. போதும்.

மீசை வாத்தியார்: இது பயிற்சியில போயிடும் தம்பி. ‘வந்து’, ‘அதாவது’, ‘இன்னான்னா’ன்னு இழுக்கிறவங்க ஒரு வாரம் தினமும் பத்து நிமிஷம் சத்தமா வாசிச்சாலே குறையும்.

பாவடி: வாத்தியார் ஐயா, நீங்க சொல்றது பேசுறவர் அடுத்த சொல்லைத் தேடும்போது போடுற சத்தம். இங்க கேள்வி, கேட்கிறவர் போடுற சத்தம் பத்தி. கதை சொல்லும்போது பிள்ளை ‘உம்’ கொட்டலன்னா பாட்டி “தூங்கிட்டியா?”ன்னு நிறுத்துவாங்களே, அந்த ‘உம்’.

ஒலிவெட்டி சொல்ற தலையாட்டல் நல்ல வழிதான், பேசுறவர் நம்மளப் பார்த்துகினு இருக்கிற வரைக்கும். தறிக்காரர் பேசும்போது கண்ணு நூல் மேல இருக்கும், கை பாவு நூலைத் தடவிக்கிட்டு இருக்கும். கண்ணுல புரை இருந்தா நாலடி தள்ளி உட்கார்ந்தவர் தலை ஆடுதா இல்லையான்னே தெரியாது. அவருக்கு வந்து சேர்ற ஒரே சேதி மௌனம். அதனால நிறுத்துறாரு.

அதுக்காக எல்லா சத்தமும் ஒண்ணு இல்ல. குடியாத்தத்தான் எழுதின மூணையும் தனித்தனியா பாருங்க. ‘ம்’னா ‘மேல சொல்லு’. ‘சரி’ அந்தச் சங்கதியை மூடிடும். பெரியவர் இது போதும்னு நினைச்சு அடுத்ததுக்குத் தாவிடுவாரு. ‘ஆமா’ இன்னும் மோசம், ‘எனக்கே தெரியும்’னு அர்த்தம் ஆயிடும். தெரிஞ்சவன்கிட்ட யார் விவரம் சொல்லுவா? ஒரு துண்டு எழுதிக் காட்டறேன்:

பெரியவர்: நூலை ராத்திரியே ஊறப் போட்டுடுவோம்
கேட்பவர்: ம்
பெரியவர்: காலையில எடுத்து, பிழிஞ்சி, கஞ்சி வெச்சி
கேட்பவர்: ம்
பெரியவர்: தெருவுல பாவு போட்டு நீவுவோமில்ல
கேட்பவர்: ம்ம்
பெரியவர்: அப்ப மழ வந்துட்டா போச்சி
கேட்பவர்: அடடா

‘கஞ்சி வெச்சி’ங்கிற இடத்துல ‘சரி’ன்னு சொல்லிப் பாருங்க. பாவு, தெரு, மழை எல்லாம் போயி நேரா தறிக்கு வந்துடுவாரு. கடைசி வரியிலயும் வெறும் ‘ம்’ போட்டிருந்தா, அவர் சொன்ன நஷ்டம் நமக்கு உறைக்கலன்னு ஆயிடும்.

காட்பாடி எக்ஸ்பிரஸ்: இதுக்குக் கணக்கே இருக்கு. நைஜல் வார்டுன்னு ஒருத்தர் 2000-ல எழுதினாரு. பேசுறவர் குரல் தாழ்ந்து 110 மில்லிசெகண்ட் அப்படியே நின்னா, அங்கிருந்து 700 மில்லிசெகண்ட் விட்டு ‘ம்’ போடணும். மனசுக்குள்ள எண்ணிப் பழகினா போதும், வேற எதையும் போட்டுக் குழப்பிக்க வேணாம்.

பாவடி: கணக்கு சரி, ஆனா அது ஆங்கிலப் பேச்சுக்கு. அதே ஆராய்ச்சியில ஜப்பானிய மொழிக்கு 350, சரி பாதி. மொழி மாறினா நேரம் மாறுதுன்னுதான் அதுலேருந்து தெரியுது, தமிழுக்கு அப்படியே தூக்கிட்டு வர முடியாது. தவிர அது கணினிக்கு எழுதின விதி. மனுஷன் மில்லிசெகண்ட் எண்ண ஆரம்பிச்சா காது பேச்சுல இருக்காது.

குரல் தாழ்ற இடத்தைக் கவனிக்கணும்ங்கிறது மட்டும் உண்மை. தமிழ்ல அதுக்கு இன்னொரு கைப்பிடியும் கூட இருக்கு, வினை கடைசியில வர்றது. ‘எடுத்து’, ‘பிழிஞ்சி’, ‘வெச்சி’ன்னு எச்சம் அடுக்கிக்கினே போயி மூச்சு விடுற இடம்தான் ‘ம்’முக்கு இடம். ‘தெருவுல பாவு’ன்னு வினை வராம தொங்குறப்போ போட்டா குறுக்கே விழுந்த மாதிரி ஆகும், ஒலிவெட்டிக்கு வெட்ட முடியாம போறதும் பெரும்பாலும் இந்த ‘ம்’தான். ‘நீவுவோமில்ல’, ‘பாத்துக்க’, ‘இன்னா?’ இதெல்லாம் அவரே கேட்டு வாங்குறது. அங்க சும்மா இருந்தா “புரியுதா?”ன்னு திருப்பிச் சொல்ல ஆரம்பிப்பாரு.

ஒரே ‘ம்’மை ஒரே சுருதியில நாலஞ்சு தடவை தொடர்ந்து போட்டாலும் ‘கவனிக்கல’ன்னுதான் காதுல விழும். உரையாடலை ஆராய்ஞ்ச ஷெக்லாஃப் 1982-லயே இதை எழுதிட்டாரு.

ஒலிவெட்டி: எல்லாம் சரிங்க, எடிட்டிங் மேசையில உட்கார்றது நான். அடடா, ச்சு ச்சு எல்லாம் பதிவுல வேணுமா? பேச்சு பெரியவருது. கேட்கிறவர் ‘அடடா’ன்னா அவரு சோகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவாரு. அது அவர் கதையா, நம்ம இழுத்த கதையா?

பாவடி: அந்தப் பயம் நியாயம்தான். ‘அப்டியா!’ போட்டா அந்த விஷயம் நீளும், போடாத விஷயம் சுருங்கும். ஆனா எதுவும் போடாம இருக்கிறதும் நடுநிலை இல்ல. உளவியலாளர் பாவெலாஸ் குழு 2000-ல ஒரு சோதனை வெச்சாங்க. ஒருத்தர் தான் ஆபத்துல மயிரிழையில தப்பிச்ச கதையைச் சொல்லணும். கேட்கிறவங்க ‘t’ எழுத்துல ஆரம்பிக்கிற சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தணும். கவனம் அதுல போனதால சரியான இடத்துல முகமும் குரலும் கொடுக்க முடியல. சொன்னவங்க கதையே கெட்டுச்சு, அதுவும் மயிரிழையில தப்பிச்ச முடிவுல தடுமாறினாங்க. மௌனமும் கதையை இழுக்கும், வேற பக்கமா.

ஒலிவெட்டி: பாதி ஒத்துக்கறேன். அப்போ இப்படிப் பண்ணுங்க. பெரியவருக்கு ஒரு காலர் மைக், தாடைக்கு ஒரு சாண் கீழ. பேட்டி எடுக்கிறவருக்கு இன்னொண்ணு. ரெண்டும் தனித்தனி டிராக்கா பதியணும். பெரியவர் மைக்குக்கும் அவர் வாய்க்கும் இருக்கிற தூரத்தைப் போல மூணு மடங்குக்குக் குறையாம கேட்கிறவர் தள்ளி இருக்கட்டும். ‘ம்’மை மூக்குக்குள்ளயே மெதுவா போடுங்க, ‘ஆங்’னு வாய் திறந்து வேணாம். ஆரம்பத்துல முப்பது செகண்ட் யாரும் பேசாம அறை ஓசையைப் பிடிச்சு வெச்சுக்கங்க. இடைவெளியில விழுந்த ‘ம்’ வெளியீட்டுக்கு வேணாம்னா கேட்கிறவர் டிராக்கை இறக்கிடலாம், பெரியவர் மைக்ல கசிஞ்சது மேல இந்த ஓசையை ஒட்டலாம். மூலக் கோப்புல மட்டும் கை வைக்காதீங்க.

காட்பாடி எக்ஸ்பிரஸ்: போன்ல எடுத்தா?

பாவடி: அங்க தலையாட்டலே கிடையாது, ‘ம்’ கூடுதலா வேணும். ஆனா லைன் தாமதிச்சா நம்ம ‘ம்’ அவரோட அடுத்த சொல் மேல போய் விழும், அவர் நின்னு “சொல்லு”ம்பாரு. அப்படி ரெண்டு தடவை ஆச்சுன்னா எச்சத்துக்கு எச்சம் போடுறதை விட்டு, வாக்கியம் முடிஞ்ச பிறகு மட்டும் போடுங்க. வீடியோ அழைப்புல இரைச்சல் நீக்கி சில சமயம் மெதுவான ‘ம்’மையும் இரைச்சல்னு தின்னுடும், முதல்லயே சோதிச்சிடுங்க.

குடியாத்தத்தான்: நன்றிங்க. நாளைக்கே ரெண்டு மைக்கோட போறோம். இன்னொரு சிக்கல்: தட்டச்சு பண்ற பொண்ணு எல்லா இடத்துலயும் ‘ம்ஹும்’னு போட்டிருக்கு.

ஒலிவெட்டி: ‘ம்’ எல்லாத்தையும் எழுத்துல இருந்து தூக்கிடுங்க, படிக்கிறவருக்குத் தொல்லை.

பாவடி: தூக்கக் கூடாது. எந்த இடத்துல எதைப் போட்டதால பெரியவர் சங்கதியை விட்டாருன்னு பின்னால பார்க்கிறவனுக்குத் தெரியணும். ஆனா ‘ம்ஹும்’மை இன்னைக்கே மாத்துங்க. இங்கிலீஷ்காரன் ‘mm-hm’னா ஆமோதிப்பு, நம்ம ‘ம்ஹும்’ மறுப்பு. “கூலி ஒழுங்கா வந்துச்சு”ன்னு பெரியவர் சொன்ன இடத்துல கேட்கிறவர் “ம்ஹும்”னு எழுதியிருந்தா, மறுத்துப் பேசின மாதிரி ஆயிடும். ‘ம்’, ‘ம்ம்’ ரெண்டும் போதும். சந்தேகம் வர்ற இடத்துல ஆடியோவைத் திரும்பக் கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க.

ஒலிவெட்டி: அச்சுல போற பிரதியில இருந்தாவது தூக்குங்க. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.