-180-ஐ 2.80 என்று படித்த கதை

செல்லூர்க்காரன்:
அமெரிக்க பேஸ்பால் அணி டாட்ஜர்ஸ் தங்கள் ஊரில் ராத்திரி ஆடினால் நமக்குக் காலை 7.40. ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னோட்டம் படிப்பேன். பந்தயம் கட்டுகிற ஆள் இல்லை, எந்த அணிக்கு வாய்ப்பு என்று பார்க்கத்தான். அன்றைக்குப் பந்தய விலை டாட்ஜர்ஸ் -180, எதிரணி பாட்ரெஸ் +155. கிரிக்கெட்டில் 1.80, 2.50 என்று பார்த்துப் பழகிய கண். இரண்டையும் நூறால் வகுத்து ஒன்றைக் கூட்டினேன். 2.80, 2.55 வந்தது. குறைந்த எண்தானே பலமான அணி? பாட்ரெஸ்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். யாராவது விளக்குங்களேன்.

திருமங்கலத்தான்:
ரொம்ப யோசிக்காதீங்க. மைனஸ் இருந்தால் ஜெயிக்கிற அணி, பிளஸ் இருந்தால் தோற்கிற அணி.

மேலூர் டீச்சர்:
தம்பி, பாட்ரெஸ் கணக்கு சரி. பிளஸ் என்றால் 100 போட்டால் வரும் லாபம்: 155. போட்ட பணத்துக்கு ஒன்றைச் சேர்த்தால் 2.55. மைனஸ் கதை தலைகீழ். 100 லாபம் பார்க்க 180 போட வேண்டும். அதனால் 100-ஐத்தான் 180-ஆல் வகுக்கணும். 0.56, ஒன்றைக் கூட்டினால் 1.56. மைனஸ் போட்ட அணிக்கு 2-க்கு மேல் விடை வந்தாலே தலைகீழாக வகுத்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.
திருமங்கலத்தாருக்கு: இரண்டு பக்கமும் -110 என்று வருவதுண்டு. இரண்டுமே 1.91. அங்கே யார் தோற்கிற அணி?

உசிலம்பட்டி மாப்பிள்ளை:
எங்க டீக்கடைப் பெரியவர் ஐபிஎல் நேரத்தில் '80 பைசா' என்பார். ஒரு ரூபாய்க்கு 80 பைசா லாபமாம். அதுவும் இதுவும் ஒன்றா?

மேலூர் டீச்சர்:
ஒன்றேதான். 80 பைசா என்றால் 1.80. அமெரிக்காக்காரன் அதையே -125 என்று எழுதுவான். வகுத்துப் பாருங்கள். அந்தக் கடைப்பக்கம் மட்டும் போகாதீங்க.

அனுப்பானடி ராத்திரிப் பறவை:
நான் பார்த்ததில் டாட்ஜர்ஸ் -1.5 என்று இருந்தது. நூறை 1.5-ஆல் வகுத்தேன், 66 வந்தது. சிரித்துக்கொண்டே மூடிவிட்டேன்.

மேலூர் டீச்சர்:
அது விலை இல்லை, ஓட்ட வித்தியாசம். இரண்டு ஓட்டமாவது கூட எடுத்து ஜெயிக்கணும். விலை பக்கத்திலேயே +120 மாதிரி இருந்திருக்கும். யார் ஜெயிப்பார் என்பதற்கு மட்டும் போடுகிற மணிலைன் விலையில், குறியை விட்டுப் பார்த்தால் எண் 100-க்குக் கீழே இறங்கவே இறங்காது.

செல்லூர்க்காரன்:
புரிந்தது டீச்சர். 1-ஐ 1.56-ஆல் வகுத்தால் 64 சதவீதம், 2.55-ஆல் வகுத்தால் 39. கூட்டினால் 103 வருகிறதே?

மேலூர் டீச்சர்:
நூறுக்கு மேல் இருப்பது பந்தயக் கடைக்காரன் பங்கு. இரண்டையும் அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் டாட்ஜர்ஸுக்குச் சுமார் 62 நிற்கும்.

திருமங்கலத்தான்:
அங்கேதான் டீச்சர் ஒத்துக்க மாட்டேன். கடைக்காரன் பங்கை இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் ஏற்றியிருப்பான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சின்ன அணி மேல்தான் கூட ஏற்றுவான். 63 என்றுகூட இருக்கலாம்.

மேலூர் டீச்சர்:
இருக்கலாம். அந்த ஒரு எண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியவில்லை.