எல்லைத் தூணுக்கு ட்ரெப்சாய்டு அடித்தளமா, ஸ்ட்ராப் பீமா?

நண்பர்களே, நாளை மறுநாள் குழி தோண்டத் தொடங்குகிறோம். அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

எல்லைக்கோட்டை ஒட்டிய தூணில் 800 கிலோநியூட்டன் சுமை, உள்ளே இருப்பதில் 500. இரண்டும் 300 மி.மீ. சதுரம், மையங்களுக்கு இடையே 4 மீட்டர். மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன்.

முதலில் செவ்வக அடித்தளம்தான் போட நினைத்தேன். கூட்டுச்சுமையின் மையம் எல்லையிலிருந்து 1.69 மீட்டரில் விழுகிறது. மண்ணழுத்தம் சீராக இருக்க, செவ்வகத்தின் நீளம் அதன் இருமடங்கான 3.38 மீட்டர்தான் இருக்க முடியும். உள் தூணின் மையமோ 4.15 மீட்டரில் நிற்கிறது! நீளத்தைக் கூட்டினால் எல்லைப் பக்கம் அழுத்தம் ஏறி, அடித்தளம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து அமிழும்.

எனவே ட்ரெப்சாய்டுக்கு மாறினேன். அடித்தளத்தின் எடைக்காக 10 சதவீதம் சேர்த்தால் பரப்பு 9.53 சதுர மீட்டர். நீளம் 4.3 மீட்டர் என்றால், எல்லைப் பக்க அகலம் 3.65, உள் பக்கம் 0.79 மீட்டர் வருகிறது.

என்னை உறுத்துவது அந்த 3.65தான். எல்லைத் தூணின் இருபுறமும் கான்கிரீட் 1.67 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே தூணுக்குக் கீழே குறுக்குக் கம்பியை எவ்வளவு அகலத்துக்குள் நெருக்கிக் கட்டுகிறீர்கள்? அல்லது இந்த அளவுக்கு வந்தபின் ஸ்ட்ராப் பீமுக்கு மாறுவதுதான் சரியா?

இன்னொன்று: தூண்களுக்கு நடுவே முதன்மைக் கம்பி மேற்பக்கம் வரவேண்டும் என்பதைக் கம்பி கட்டுபவர் ஏற்க மறுக்கிறார். அவருக்கு எளிதாக விளக்க யாரிடமாவது ஒரு கைப்படம் இருக்கிறதா?