அனுகூலம் என்றால் காற்று சரியில்லையா? சொல்லை உடைத்துப் பொருள் ஊகிப்பது பற்றி

தக்கலை டியூஷன் அக்கா:
தெரியாத சொல் வந்தால் உடைத்துப் பாருங்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நேற்று ஒரு வரி: ‘காற்று அனுகூலமாக இருந்ததால் வள்ளங்கள் விடியுமுன் கடலுக்குப் போயின.’ ஒருத்தி, “அன் வந்தா இல்லைன்னுதானே அக்கா, அநாவசியம் மாதிரி? அப்போ காத்து சரியில்ல” என்றாள். இந்தப் பழக்கத்தையே நிறுத்திவிடட்டுமா?

குளச்சல் வள்ளக்காரன்:
நிறுத்துங்க அக்கா. காத்து சரியில்லாம எவன் வள்ளம் இறக்குவான்? வரியை முழுசாப் படிச்சா போதும், உடைக்கவே வேண்டாம்.

பென்ஷன் வாத்தியார்:
உடைத்தது தப்பில்லை, உடைத்த இடம்தான் தப்பு. ‘அன்’னை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அநாவசியத்தில் ‘ஆவசியம்’ மிஞ்சுகிறது. நம் அவசியம்தான் அது. அனுகூலத்தில் ‘உகூலம்’ மிஞ்சும். அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஆக அங்கே இருப்பது அன் இல்லை, ‘அனு’. கூடவே, பின்னாலே என்று பொருள். ஆனால் அனு என்று கண்ணுக்குத் தெரிந்தாலே அனு என்றும் முடிவு கட்டக் கூடாது. அனுசிதத்தில் ‘அன்’னை எடுத்தால் ‘உசிதம்’, அதாவது தக்கது, நிற்கிறது. ஆக அனுசிதம் என்றால் தகாதது.

நாஞ்சில் வயல்:
கூலம் என்றால் தானியம். தானியம் கூடவே இருந்தால் அனுகூலம்தானே? எளிதாகப் புரிகிறது.

பென்ஷன் வாத்தியார்:
தம்பி, அனு சரி, கூலம்தான் வேறு. தானியத்தைச் சொல்வது நம் கூலம். இது வடமொழிக் கூலம், ஆற்றங்கரை. கரையை ஒட்டியே போவது அனுகூலம், அதற்கு எதிரே போவது பிரதிகூலம்.

குளச்சல் வள்ளக்காரன்:
அப்போ வடமொழி தெரிஞ்சாத்தான் ஊகிக்க முடியுமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆற்றங்கரை எங்கே தெரியும்? வள்ளம் போச்சுன்னு தெரியும்.

பென்ஷன் வாத்தியார்:
அதை மறுக்கவில்லை. கரை என்று தெரிந்தாலும் ‘சாதகம்’ வரைக்கும் அந்த வரிதான் கொண்டுபோய் விடும். ‘இல்லை’ என்று எதிர்ப்பக்கம் போகாமல் தடுப்பதுதான் உடைப்பதில் கிடைக்கும் லாபம்.

குலசேகரம் ரப்பர்:
எங்க தோட்டத்தைப் பார்க்க வந்த மதுரைக்கார மருமகன் ‘ஒட்டுப்பால்’ என்று கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு வந்தார், ஒட்டுகிற பால் என்று நினைத்து. ஒட்டு, பால் இரண்டும் அவருக்குத் தெரிந்த சொல்தான். நாங்க சொல்வது சிரட்டையிலும் வெட்டிலும் காய்ந்து ஒட்டிக் கிடப்பதை உரித்து எடுக்கிற ரப்பரை. இதுக்கு உங்க சோதனை என்ன சொல்லும் சார்?

பென்ஷன் வாத்தியார்:
ஒன்றும் சொல்லாது. தோட்டத்துக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

தக்கலை டியூஷன் அக்கா:
சார் சொன்னபடி இன்றைக்கு ‘அனுமானம்’ கொடுத்துப் பார்த்தேன். அதே பிள்ளை, “உமானம்னு ஒண்ணும் இல்லை, அதனால அனு” என்று சரியாகப் பிடித்துவிட்டாள். அப்புறம் மிச்சத்தைப் பார்த்து, “மானத்தோட இருக்கிறதா அக்கா?” என்கிறாள். இப்போ என்ன செய்ய?

குளச்சல் வள்ளக்காரன்:
வரி எங்கே அக்கா? சொல்லை மட்டுமா கொடுத்தீங்க?