மகாரியை ‘மேபி’ என்று எழுதியபோது

நித்திலா: இத்தாலிய ஆவணப்படங்களுக்கு ஆங்கில வசனவரி எழுதுவது என் தொழில். சென்ற மாதம் வந்த ஒரு படத்தில், மீன் பதனிடும் கூடத்தில் வேலை செய்யும் இரு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். “ஆகஸ்டில் கடற்கரைக்குப் போகிறாயா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவள் கையிலிருந்த கத்தியை நிறுத்தாமலே “மகாரி” என்கிறாள். அகராதியில் ‘ஒருவேளை’ என்ற பொருளும் இருப்பதால் நான் ‘மேபி’ என்று எழுதிவிட்டேன். மறுபார்வை செய்த இத்தாலியப் பெண்மணி அதை அடித்துவிட்டு, “இவளுக்கு விடுப்பும் இல்லை, பணமும் இல்லை, ஆசை மட்டும்தான் இருக்கிறது” என்று ஓரத்தில் குறித்திருந்தார். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நாடே விடுமுறையில் போகும்போது போக முடியாதவளின் பதிலை, இன்னும் முடிவெடுக்காதவளின் பதிலாக நான் மாற்றியிருக்கிறேன். மகாரி, அல்லோரா, இன்சொம்மா, போ என்ற இந்த நான்கு இத்தாலியச் சொற்களில் உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கதிரவன்: நானும் இதே இடத்தில் விழுந்து எழுந்தவன்தான். மகாரிக்குப் பின்னால் வரும் வினைச்சொல்லைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். “மகாரி வியேனே” என்றால் அவன் வரக்கூடும். “மகாரி வெனிஸ்ஸே” என்றால் அவன் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஏக்கம், அதாவது வரமாட்டான் என்று சொல்பவருக்கே தெரியும். ‘பேறு பெற்றவனே’ என்று விளிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதால், ஏக்கமே அதன் பழைய பொருள் என்று கொள்ளலாம். சிக்கல் எல்லாம் உங்கள் காட்சியைப் போல வினையே இல்லாமல் தனியாக வரும்போதுதான். அப்போது நான் ஒலியை மூன்று முறை கேட்பேன். நடு அசை நீண்டு குரல் இறங்கினால் பெரும்பாலும் ஏக்கம். அதற்கு ‘ஐ விஷ்’ பொருந்தும். ‘இஃப் ஒன்லி’ என்று எழுதினால் துக்கம் கூடிவிடும், வேலைக்கு நடுவே சொல்பவளுக்கு அது கனமான சொல்.

யசோதரா: நான் சிசிலித் தீவின் கத்தானியாவில் பதினொரு ஆண்டுகளாக ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். மகாரிக்கு ‘கூட’ என்றுதானே பொருள்? நான் காப்பி குடிக்கப் போகிறேன் என்றால், அவர் “மக்காரி யூ” என்பார், ‘நானும்தான்’ என்று. நீங்கள் ஏன் ஏக்கம் என்கிறீர்கள் என்று புரியவில்லை.

கதிரவன்: அக்கா, நீங்கள் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அது சிசிலிய மொழியின் மக்காரி. அங்கே அது ‘கூட’ என்றே வரும். நித்திலாவின் படத்தில் பேசுபவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்ப்பதும் நல்லது.

நித்திலா: வடக்கே, வெனிஸ் பக்கம்.

அருள்: நான் மருத்துவமனையில் உரைபெயர்ப்பவன். என் வழி எளியது, அல்லோராவுக்கு ‘சோ’, இன்சொம்மாவுக்கு ‘இன் ஷார்ட்’ என்று வைத்துக்கொள்கிறேன். அல்லோரா எனக்கு ஒருநாளும் தவறவில்லை. இன்சொம்மா மட்டும் ஒருமுறை என்னைக் கைவிட்டது. ஆங்கிலம் மட்டும் அறிந்த மருத்துவர் “வலி எப்படி இருக்கிறது?” என்று கேட்டபோது நோயாளி “இன்சொம்மா...” என்றார். நான் ‘இன் ஷார்ட்’ என்றதும், அடுத்து ஏதோ சொல்வார் என்று மருத்துவர் பேனாவோடு காத்திருந்தார். நோயாளியோ சொல்லி முடித்துவிட்டார்.

கதிரவன்: நலம் விசாரிக்கும்போது தனியாக வரும் இன்சொம்மா, நன்றாக இல்லை என்பதைக் கண்ணியமாகச் சொல்வது. ‘நாட் கிரேட்’ என்பது அதற்கு நெருக்கம். அதையே உரக்க வெட்டிச் சொன்னால் பொறுமை போய்விட்டது என்று பொருள். அல்லோராவிலும் உங்களோடு முழுவதும் உடன்பட முடியவில்லை, அருள். வழிகாட்டி கைதட்டிக் கூட்டத்தைச் சேர்த்து “அல்லோரா” என்று தொடங்கும்போது, முன்பு சொன்ன எதிலிருந்தும் அவர் முடிவுக்கு வரவில்லை, மூச்சை இழுத்துக்கொள்கிறார். அங்கே ‘சோ’வை விட ‘ரைட்’ பொருந்தும். ‘த அல்லோரா’ என்று வந்தால் ‘அன்று முதல்’ என்ற பொருள், அங்கே ‘சோ’ நுழையவே முடியாது.

அருள்: ‘ரைட்’ எனக்கு ஆசிரியர் பேச்சு போலக் கேட்கிறது. நோயாளி சொல்லும் அல்லோராவுக்கு நான் ‘சோ’வையே வைத்துக்கொள்வேன்.

யசோதரா: போ பற்றி யாரும் எழுதவில்லையே. முதல் மாதத்தில் மருந்து எங்கே என்று பாட்டியின் பேரனைக் கேட்டபோது, அவன் தோளை உயர்த்தி “போ” என்றான். போகச் சொல்கிறான் என்று நினைத்து நான் அறையை விட்டு வெளியே போய் அழுதேன். தெரியாது என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்று பாட்டியே பிறகு விளக்கினார்.

நித்திலா: அக்கா, அந்தச் சொல்தான் இப்போது என்னையும் நிறுத்தி வைத்திருக்கிறது. அதே படத்தின் கடைசியில், மகன் திரும்பி வருவானா என்று கேட்டதற்கு எண்பது வயது மீனவர் ஒருவர் தோளை அசைக்காமல், கடலைப் பார்த்தபடி “போ” என்கிறார். ‘டன்னோ’ என்றால் அவர் பள்ளிப் பையனாகிவிடுகிறார். ‘ஹூ நோஸ்’ என்றால் அவர் தத்துவம் பேசுகிறார். தோளசைவு இருந்திருந்தால் வரியையே விட்டுவிடுவேன், படம் பார்ப்பவருக்கு அதுவே சொல்லிவிடும். இப்போதைக்கு ‘நோ ஐடியா’ என்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

கதிரவன்: ‘குட்ன்ட் சே’ என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். வயதுக்குப் பொருந்தும், ஆனால் அந்தச் சொல்லின் சுருக்கம் அதில் இல்லை.